916 ஒன்றுதான், நாடு வேறு

ராயபுரத்தில் பாட்டி காலத்து நகைப்பெட்டியைத் திறந்தால் 916 என்று குத்திய இரண்டு மோதிரங்கள் கிடைக்கலாம். அந்த எண் 22 காரட் என்று மட்டும்தான் சொல்லும், நாட்டைச் சொல்லாது. அதற்கு லென்ஸ் வைத்துப் பக்கத்திலிருக்கும் படத்தைப் பார்க்க வேண்டும்.

இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் முக்கோண முத்திரை இருந்தால் தூய்மையைச் சோதித்தது இந்தியாவில். 2021 ஜூலைக்குப் பிறகு முத்திரையிட்டதென்றால் எழுத்தும் எண்ணும் கலந்த எச்.யு.ஐ.டி. என்ற ஆறிலக்க அடையாளக் குறியும் இருக்கும்; பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டினால் விவரம் வரும். பழைய நகையில் அது இல்லையென்று போலி என்றுவிடாதீர்கள். அப்போது சோதனை மையம், நகைக்கடை இரண்டின் குறிகளும் குத்துவார்கள்.

நங்கூரம் தெரிந்தால் பிரிட்டன், அதிலும் பர்மிங்காம். ஊரில் கடல் இல்லை, சின்னம் மட்டும் நங்கூரம்! சிறுத்தைத் தலை என்றால் லண்டன். கூடவே ஓர் ஆங்கில எழுத்து இருந்தால் அது ஆண்டுக்குறி. எழுத்தின் வடிவத்தையும் கட்டத்தையும் பட்டியலோடு ஒப்பிட்டால் ஆண்டே கிடைக்கும். பழசுக்கு எனக்கு இந்த முறைதான் பிடிக்கும்.

ஆனால் நங்கூரம் சோதித்த ஊரைத்தான் காட்டும். இறக்குமதி நகையையும் அங்கே சோதிப்பதால், செய்த இடம் வேறாக இருக்கலாம். வெள்ளியில் 925 என்ற தூய்மை எண் மட்டும் இருந்தால் நாட்டை ஊகிக்கவே வேண்டாம், உலகம் முழுக்கக் குத்துகிறார்கள்.