நடையா, ஜாகிங்கா, சைக்கிளா: வாட்ச் இல்லாம ஜோன் டூ புடிக்கறது எதுல ஈஸி?

ஞாயித்துக்கெழம வியாசர்பாடி கிரவுண்டுல ஃபுட்பால் ஆடுவோம், செகண்ட் ஹாஃப் ஆரம்பிச்சி பத்து நிமிஷத்துல நான் இடுப்புல கை வெச்சிக்கினு நிப்பேன். வயசு 37. ஸ்டாமினா ஏறணும்னா ஜோன் டூ பண்ணுன்னு எல்லாரும் சொல்றாங்க, அதாவது ரொம்ப மெதுவாவும் இல்லாம ரொம்ப வேகமாவும் இல்லாம, மூச்சு லேசா ஏறி இருக்கற அளவுல 40, 45 நிமிஷம் விடாம ஓட்டறது. மேக்ஸிமம் ஹார்ட் ரேட்ல 60ல இருந்து 70 பர்சன்ட்னு கணக்கு. ஆனா எங்கிட்ட வாட்ச்சும் கிடையாது, நெஞ்சுல கட்டற பெல்ட்டும் கிடையாது. அந்த மேக்ஸிமத்த கண்டுபிடிக்க 220ல இருந்து வயச கழிக்கற ஃபார்முலா ஒரு ஆளுக்கு பத்து பன்னண்டு துடிப்பு மேல கீழ தப்பா காட்டறது சகஜம், போதாக்குறைக்கு பிரஷர் மாத்திரைல சில வகை துடிப்பையே அடக்கி வெச்சிடும், அப்ப அந்த நம்பருக்கு அர்த்தமே இல்ல. அதனால பேச்ச வெச்சி பாக்கற டாக் டெஸ்ட்தான் நமக்கு. அத நடை, ஜாகிங், சைக்கிள் மூணுலயும் மாத்தி மாத்தி செஞ்சி பாத்தேன்.

மொதல்ல டெஸ்ட்ட சரியா பண்ணணும், இங்கதான் முக்காவாசி பேர் கோட்ட விடறாங்க. "பேச முடியுதா"ன்னு நம்மளே கேட்டு "ம்"னு நம்மளே பதில் சொல்லிக்கிட்டா அது டெஸ்ட்டே இல்ல. அமெரிக்காவுல விஸ்கான்சின் யூனிவர்சிட்டில கார்ல் ஃபாஸ்டர்னு ஒருத்தர் டீம், ஆளுங்கள ஓட விட்டு அவங்க ஊர் ஸ்கூல்ல சொல்ற உறுதிமொழிய முழுசா சொல்ல வெச்சாங்க, 30 சொச்சம் வார்த்தை வரும். சொல்லி முடிச்சதும் ஒரே கேள்வி, வசதியா பேச முடிஞ்சிதா? "ஆமா"ன்னு தயங்காம வர்ற வரைக்கும் நாம கீழ் பக்கம் இருக்கோம், "ஆமா, ஆனா..."ன்னு இழுக்க ஆரம்பிக்கற எடத்துலதான் மூச்சு மொத தடவ எகிறற எல்ல வருது. நமக்கு வேணும்ங்கறது அந்த "ஆனா"வுக்கு ஒரு படி முன்னாடி.

நமக்கு உறுதிமொழி எதுக்கு, கும்மிடிப்பூண்டி ட்ரெயின் லைன்ல வர்ற ஸ்டேஷன் பேருங்க இருக்கே. பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர், அத்திப்பட்டு புதுநகர், அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர்... தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் வரும். இத நார்மலா பேசற சத்தத்துல சொல்லி போன்ல வாய்ஸ் ரெக்கார்ட் பண்ணி அப்பறமா கேக்கணும். கேட்டா தெரிஞ்சிடும், நல்லா இருக்கறப்ப மூச்சு ரெண்டு ஸ்டேஷன் பேருக்கு நடுவுல இழுக்குது, எல்ல தாண்டினா "திருவொத்... தியூர்"னு பேர் நடுவுலயே ஒடையுது. சொல்லி முடிச்சதும் ஒரு பெரிய மூச்சு "ஹா"ன்னு வாங்கினாலும் அவுட்டுதான், ஏன்னா பேசறப்ப மூச்ச அடக்கி கடன் வாங்கிட்டு கடைசியா திருப்பி கட்டறோம். இன்னொன்னு, வேகம் மாத்தின உடனே டெஸ்ட் பண்ணா பொய் சொல்லும், மூச்சு செட்டில் ஆவ ரெண்டு மூணு நிமிஷம் வேணும். கீழ் எல்லைக்கும் ஒரு வழி இருக்கு, ராகத்தோட பாட்டே பாட முடியுதுன்னா ரொம்ப லேசா போறோம்னு அர்த்தம்.

சரி, நடை. திருவொற்றியூர் பீச் பக்கம் காலைல அஞ்சே முக்காலுக்கு, கைய வீசி வெறப்பா நடந்தா எனக்கு பத்தாவது நிமிஷமும் முப்பதாவது நிமிஷமும் ரெக்கார்டிங் ஒரே மாதிரி இருந்திச்சி, ஒரே மூச்சுல கத்திவாக்கம் வரைக்கும். சும்மா உக்காந்துனு சொன்னா பொன்னேரிய தாண்டுவேன். ஒரே சீரா போறதுல நடைய அடிச்சிக்க ஆளே இல்ல. பிரச்சன என்னன்னா நாலு வாரம் போனதும் பாட்டு பாட முடிஞ்சிது. மணிக்கு ஏழு கிலோமீட்டர்கிட்ட போனா கால் தானா ஓடப் பாக்குது, அதுக்கு மேல நடையில வேகம் ஏத்தறது கூத்து. வடசென்னை தட்டையான ஊரு, ஏத்தம்னா மேம்பாலம்தான், அதுலயும் எறங்கறப்ப டெஸ்ட் பண்ணிடாதீங்க, எல்லாரும் பாஸ் ஆவாங்க.

ஜாகிங்ல எனக்கு நேர் எதிர். மூணாவது நிமிஷம் ஜம்முனு வந்திச்சி, நான் கெத்தா வேகத்த அப்படியே வெச்சேன், பன்னண்டாவது நிமிஷம் தண்டையார்பேட்டையிலயே ஒடைஞ்சிது. புதுசா ஆரம்பிக்கற நெறைய பேருக்கு எவ்ளோ மெதுவா ஓடினாலும் ஓட்டம்ங்கறதே எல்லைக்கு மேல, அதான் உண்மை. இதுக்கு வழி ரெண்டு நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை. ஆனா டெஸ்ட்ட ஓட்டத்தோட கடைசி பத்து செகண்டுல பண்ணணும், நடக்கறப்ப பண்ணா அது திருட்டு (என் மச்சான் இத்தான் பண்றான், கேட்டா ஒத்துக்க மாட்டான்). மே மாசப் புழுக்கத்துல இன்னொரு கதை, அதே வேகத்துல போனாலும் வேர்வையில தண்ணி எறங்க எறங்க துடிப்பு மட்டும் ஏறிட்டே போவும், மூச்சு அத அந்தளவு காட்டாது. அதனால வெயில் காலத்துல பேச்சு ஓகேன்னாலும் கடைசி பதினஞ்சு நிமிஷம் நான் ஒரு கியர் கொறச்சிடறேன்.

சைக்கிள் மேலதான் எனக்கு ஆச நெறைய இருந்திச்சி, கடைசில அதான் ஏமாத்திச்சி. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல கன்டெய்னர் லாரி ஹாரன்ல என் குரல் எனக்கே கேக்கல, ரெக்கார்டிங்ல வெறும் காத்துதான் "புஸ்ஸு"ன்னு. அதுகூட பரவால்ல, பெடல் விட்டு உருட்டற நேரம், லாரி பின்னாடி நின்ன நேரம் எல்லாம் சேந்து 45 நிமிஷத்துல உருப்படியா மிதிச்சது முப்பதுதான் தேறும். இன்னொரு சிக்கல், சைக்கிள் பழக்கம் இல்லாதவனுக்கு மூச்சுக்கு முன்னாடி தொட எரியும். பேச்சு ஆமாங்குது, தொட வேணாங்குது. அப்ப ஹெவி கியர விட்டு லேசான கியர்ல வேகமா மிதிச்சா பாரம் தொடயில இருந்து மூச்சுக்கு மாறும், டெஸ்ட்டும் மறுபடி உண்மை பேசும். முட்டி வலி இருக்கறவங்களுக்கு, வெயிட் ஜாஸ்தி இருக்கறவங்களுக்கு இதான் நல்லது, வீட்ல நிக்கற சைக்கிள் இருந்தா இன்னும் சுத்தம்.

என்ன கேட்டா புதுசா வர்றவன் நடையில ஆரம்பிக்கட்டும், பாட்டு வர ஆரம்பிச்ச அன்னைக்கு ஓட்டம் நடை கலந்து மாறட்டும். மூக்கடைப்பு, வீசிங், மணலி பக்கம் பொக நாத்தம் தூக்கற நாள், இதுல எல்லாம் மூச்சு சீக்கிரமே ஒடையும், அன்னைக்கு பழைய வேகத்துக்கு அடம் புடிக்க வேணாம். நெஞ்சு இறுக்கினாலோ தல சுத்தினாலோ டெஸ்ட்ட விட்டுட்டு டாக்டர பாருங்க.

முன்னேறினது எப்படி தெரிஞ்சிதுன்னா, மூச்ச அதே அளவுல வெச்சிட்டு தூரத்த எண்ணினேன். எங்க ஏரியா கிரவுண்டுல ஓட்டம் நடை கலந்து 40 நிமிஷத்துக்கு மொதல்ல 14 ரவுண்டு, பத்தாவது வாரம் 17, ரெண்டு தடவையும் ரெக்கார்டிங்ல மூச்சு விம்கோ நகர்லதான் இழுத்திச்சி. மச்சான் தன்னோடத அனுப்பினான், கொருக்குப்பேட்டைக்கும் தண்டையார்பேட்டைக்கும் நடுவுல நாலு செகண்டு வெறும் மூச்சு. சிக்னல் கெடைக்கலடாங்கறான்.