லேசர் பாயிண்டர்: நீண்ட நாள் உபயோகித்த பிறகு

மிட்டு ஃபிளாட்டுக்குள்ளேயே வளரும் பூனை. ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அவளை ஓடவிட லேசர் பாயிண்டருக்கு ஈடு இல்லை. ஆனால் லேசரோடு விளையாட்டை முடிக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பூனைக்கு வேட்டை துரத்துவதோடு தீராது. பதுங்குவது, பாய்வது, பிடித்துக் கடிப்பது, தின்பது எல்லாம் ஒரே தொடர். லேசர் அதைப் பாதியில் நிறுத்திவிடும். பாதத்தை வைத்தால் அடியில் ஒன்றும் இருக்காது. ஒளியை அணைத்ததும் மிட்டு சோபாவுக்கு அடியில் மோந்து பார்ப்பாள், வால் நுனி வெட்டி வெட்டி ஆடும், சுவரையே வெறித்துக்கொண்டு நிற்பாள். சற்று நேரத்தில் அடங்கிவிட்டால் பரவாயில்லை. செல்போன் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தையும் நிழலையும் பூனை நாள் முழுக்கத் துரத்த ஆரம்பித்தால் லேசரையே நிறுத்திவிட வேண்டும். பூனை வளர்ப்பவர்களிடம் கேட்டு 2021-ல் வெளியான ஓர் ஆய்வில், லேசரை அடிக்கடி பயன்படுத்தும் வீடுகளில் இப்படிப்பட்ட நடத்தை அதிகம் பதிவானது. லேசர்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை, ஆனாலும் எனக்கு அந்த எச்சரிக்கை போதும்.

முடிக்கும் விதம்தான் முக்கியம். பொம்மையைச் சும்மா தரையில் போட்டால் மிட்டு திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அசையாத இரையில் அவளுக்கு அக்கறை இல்லை. அதனால் நூலில் கட்டிய துணி எலியை முன்பே கம்பளத்தின் ஓரத்தில் வைத்துவிடுவேன். அவள் களைக்கும் முன்பே புள்ளியின் வேகத்தைக் குறைத்து, எலியை நோக்கி நகர்த்துவேன். புள்ளி எலி மேல் ஏறும் நொடியில் ஒளியை அணைத்துவிட்டு, மற்றக் கையால் நூலை லேசாகச் சுண்டுவேன். அவள் பாய்வாள். அப்போது நூலைத் தளர்த்திவிட வேண்டும், பிடுங்கக் கூடாது. முன்னங்கால்களால் அணைத்துக்கொண்டு பின்னங்கால்களால் உதைத்தால் பிடித்த திருப்தி வந்துவிட்டது என்று அர்த்தம். இன்னும் ஓரிரு முறை ஓடவிட்டுப் பிடிக்கக் கொடுத்தபின், இரவுச் சாப்பாட்டை அப்போதே வைத்துவிடுவேன். தின்றுவிட்டு உடம்பை நக்கிக்கொண்டே படுத்துவிடுவாள்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒளியைத் தரையிலேயே வைத்திருங்கள், பூனையின் கண்ணிலோ கண்ணாடியிலோ படவிடாதீர்கள். 1 மில்லிவாட்டுக்குக் குறைவான, வகுப்பு 2 பாயிண்டராகப் பார்த்து வாங்குங்கள். அப்புறம், விளையாட்டு முடிந்ததும் அந்த நூல் பொம்மையை அலமாரியில் பூட்டி வையுங்கள். நூலை விழுங்கினால் குடல் சுருண்டு அறுவை சிகிச்சை வரை போகலாம்.

இறகுக் குச்சிக்கே நன்றாக ஓடும் பூனை என்றால் லேசர் வாங்கவே வேண்டாம்.