பினோபார்பிட்டால் கொடுத்த வருடங்கள்: லெவல் டெஸ்ட் சொன்னதும் சொல்லாததும்

எங்கள் மகளுக்கு ஏழாவது மாதத்தில் ஃபிட்ஸ் ஆரம்பித்தது. அன்று தொடங்கிய பினோபார்பிட்டால் மூன்றரை வயது வரை தொடர்ந்தது. சில அட்டைகளில் பினோபார்பிட்டோன் என்று போட்டிருக்கும். அதுவும் இதே மருந்துதான். 1912-லிருந்து வலிப்புக்குப் பயன்படுகிற பழைய மருந்து, வலிப்பை நன்றாகவே அடக்குகிறது. இந்த மருந்தோடு அடிக்கடி வருகிற லெவல் டெஸ்ட், அதாவது ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பரிசோதனையைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. குழந்தைக்கு எதற்கு இத்தனை ஊசி என்று சில பெற்றோர் அதைத் தள்ளிப்போடுகிறார்கள். லெவல் சரியாக இருந்தால் எல்லாமே சரி என்று வேறு சிலர் நம்பிவிடுகிறார்கள்.

ஆரம்பத்தில் அவள் எடை 7.5 கிலோ. டோஸ் தினமும் இரவில் 30 மில்லிகிராம், அதாவது கிலோவுக்கு 4. மாத்திரையைப் பொடித்துக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கொடுப்போம். முதல் வாரம் எந்நேரமும் தூக்கம்தான். பால் குடிக்கும்போதே வாய் நின்றுவிடும், கன்னத்தைத் தொட்டு எழுப்ப வேண்டும். ஆனால் எழுப்பினால் எழுந்தாள், குடித்தாள், எங்கள் முகத்தைப் பார்த்தாள். டாக்டர் இதை அழுத்திச் சொல்லியிருந்தார்: எழுப்பினால் எழுகிற குழந்தை என்றால் காத்திருக்கலாம். எழுப்பவே முடியவில்லை, பால் இறங்கவில்லை, மூச்சு மெதுவாகிறது என்றால் லெவல் ரிசல்ட் வரட்டும் என்று உட்காராமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். உடம்பில் தடிப்பு வந்தாலும் அன்றே காட்டிவிட வேண்டும்.

இவ்வளவு தூங்குகிறாளே, இப்போதே ரத்தம் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டோம். இப்போது எடுத்தால் அரைகுறை எண்தான் வரும் என்றார். இந்த மருந்து உடம்பை விட்டு மிக மெதுவாக வெளியேறுகிறது. பிறந்து சில நாட்களே ஆன சிசுவுக்குப் பாதி வெளியேறவே நான்கைந்து நாள் ஆகலாம். சில மாதக் குழந்தைக்கு இரண்டு மூன்று நாள். அதனால் தினசரி டோஸ் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்து, ரத்தத்தில் ஒரு நிலைக்கு வர இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். மூன்றாவது வாரம் முடிந்து எடுத்தபோது லெவல் 21. வழக்கமாகக் குறிவைப்பது மில்லிலிட்டருக்கு 15 முதல் 40 மைக்ரோகிராம். அதற்குள் தூக்கமும் தானாகவே குறைந்திருந்தது. லெவல் குறைந்ததால் அல்ல, மூளை அதற்குப் பழகிவிட்டதால். லெவல் ஏறிக்கொண்டிருந்த அதே நாட்களில்தான் அவள் தெளிந்துகொண்டே வந்தாள்.

ஒன்றரை வயதில், நல்ல கட்டுப்பாட்டில் இருந்தவளுக்குத் திடீரென்று மறுபடி ஃபிட்ஸ் வந்தது. ஒரு வேளைகூட மருந்து தவறவில்லை. லெவல் 14 என்று வந்தது. காரணம் எளிது: எடை 11.5 கிலோ ஆகியிருந்தது, டோஸ் அதே 30. கிலோவுக்கு 4 என்று தொடங்கியது, யாரும் கை வைக்காமலே 2.6 ஆகச் சுருங்கியிருந்தது. இந்த மருந்தில் ஒரு வசதி, டோஸ் எந்த விகிதத்தில் ஏறுகிறதோ ஏறக்குறைய அதே விகிதத்தில் லெவலும் ஏறும். 45 ஆக்கினால் 21 பக்கம் வரும் என்று டாக்டர் கணக்குப் போட்டார். மூன்று வாரம் கழித்து 20 வந்தது, ஃபிட்ஸும் நின்றது. லெவல் டெஸ்ட் தன் வேலையைச் செய்தது என்றால் இதுதான். அது இல்லாவிட்டால் மருந்து பலிக்கவில்லை என்று வேறு மருந்துக்கு மாறியிருப்போம்.

அதற்கு அப்புறம் வந்ததுதான் கஷ்டமான காலம். இரண்டு வயதைத் தாண்டியதும் அவள் சுபாவம் மாறியது. இந்த வயதில் எல்லாக் குழந்தைகளும் அடம் பிடிக்கும், தெரியும். இது வேறு. ஒரு பொம்மையை எடுப்பாள், பார்க்கக்கூட மாட்டாள், வீசிவிட்டு அடுத்ததை எடுப்பாள். சாப்பிட உட்காரவே முடியாது. இரவில் மணிக்கணக்கில் விழித்து, படுக்கையிலேயே உருண்டு அழுவாள். பெரியவர்களுக்குத் தூக்கம் தரும் மருந்து சிறு குழந்தைகளில் பலருக்கு நேர்மாறாக இப்படிப் பரபரப்பையும் எரிச்சலையும் தூக்கக்கேட்டையும் கொண்டுவருகிறது.

லெவல் பார்த்தோம். 18. ரிப்போர்ட்டில் எல்லாம் ஒழுங்கு. முதலில் பார்த்த டாக்டர், எண் சரியாக இருக்கிறது, மருந்தால் இருக்காது, வளர்ப்பைக் கவனியுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அந்த வார்த்தை இன்னமும் எனக்கு ஆறவில்லை. குழந்தைகள் நரம்பியல் டாக்டர்தான் விளக்கினார். அளவுக்கு மிஞ்சினால் வரும் மயக்கம், தள்ளாட்டம், குழறல் ஆகியவற்றுக்கும் லெவலுக்கும் ஓரளவு நேரடித் தொடர்பு உண்டு. நடத்தை மாற்றம் அப்படியல்ல. சரியான லெவலிலும் வரும், குறைந்த லெவலிலும் வரும். அதைக் கண்டுபிடிக்கப் பெற்றோர் பார்த்ததுதான் ஆதாரம்: மருந்துக்கு முன் எப்படி, டோஸ் கூட்டிய பிறகு எப்படி, தூக்கம் எத்தனை மணி.

1990-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஓர் ஆய்வையும் சொன்னார். காய்ச்சல் வலிப்பு வந்த சின்னக் குழந்தைகளுக்கு இரண்டு வருடம் இந்த மருந்தைக் கொடுத்த குழுவின் சராசரி ஐ.க்யூ., வெற்று மருந்து எடுத்த குழுவைவிட 8.4 புள்ளி குறைவாக இருந்ததாம். எங்கள் மகளுடையது காய்ச்சல் வலிப்பு அல்ல, அதனால் அந்த எண்ணை அப்படியே இவளுக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் வேறு வழி இருக்கும்போது மாற்றிப் பார்க்கலாம் என்று முடிவானது.

கல்லீரல் பரிசோதனை பார்த்துவிட்டு வால்ப்ரோயேட் என்ற வேறொரு வலிப்பு மருந்தைச் சேர்த்தார்கள். இரண்டு வாரத்தில், மறைந்தே போயிருந்த அந்த முதல் வாரத் தூக்கக் கலக்கம் திரும்பி வந்தது. நடக்கும்போது சுவரைப் பிடித்தாள். புது மருந்தின் வேலை என்று நினைத்தோம். லெவல் எடுத்தால் பினோபார்பிட்டால் 29! டோஸைத் தொடவே இல்லை. கல்லீரல் இதை உடைப்பதை வால்ப்ரோயேட் தடுக்கிறது, அதனால் உள்ளே தேங்குகிறது. 29 என்பதும் 15-40க்குள்தான், ரிப்போர்ட்டில் சிவப்புக் குறி எதுவும் இல்லை. ஆனால் 18-க்குப் பழகியவளுக்கு அது பெரிய ஏற்றம். பினோபார்பிட்டால் டோஸை 30 ஆகக் குறைத்ததும் தெளிந்தாள்.

பினோபார்பிட்டாலை நிறுத்துவது மாதக் கணக்கில் நடந்தது, ஒவ்வொரு படியிலும் கால் மாத்திரை. பழகிய மூளையிலிருந்து இந்த மருந்தைச் சட்டென்று எடுத்தால் அதனாலேயே கடுமையான வலிப்பு வரலாம், எவ்வளவு எரிச்சல் வந்தாலும் நாமாக நிறுத்திவிடக் கூடாது. கடைசி இரண்டு படிகளில்தான் இரவுத் தூக்கம் சீரானது. அடம் முழுவதும் போகவில்லை, ஆனால் ஒரே பொம்மையோடு உட்கார்ந்து விளையாட ஆரம்பித்தாள்.

லெவல் எடுக்கும்போதெல்லாம் தேதி, எடை, டோஸ், கடைசியாக மருந்து கொடுத்த நேரம், கூட இருக்கும் மற்ற மருந்துகள் என எல்லாவற்றையும் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்தோம். மெதுவாக வெளியேறுகிற மருந்து என்பதால் ரத்தம் எடுக்கும் மணி கொஞ்சம் முன்பின் ஆனால் பெரிதாக மாறாது. ஆனாலும் ஒப்பிடச் சுலபமாக ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில், கூடுமானவரை அடுத்த வேளை மருந்துக்கு முன் எடுத்தோம். அந்தத் தாளில் முந்தைய 18 இருந்ததால்தான் 29 ஏன் கூடுதல் என்று புரிந்தது.