ஃபிளாப்பியை மீட்டுத் தருகிறோம் என்று வாங்கி, ஃபார்மட் செய்து கொடுத்தார்கள்

பழைய ஃபிளாப்பிகளை 'டேட்டா ரெக்கவரி' என்று போர்டு போட்டிருக்கும் கடையில் கொடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

விண்டோஸ் 98 காலத்தில் அப்பா எங்கள் ஊர் ஏரி, கோயில், பழைய குடும்பங்கள் பற்றியெல்லாம் தட்டச்சு செய்து வைத்த கட்டுரைகள் சில ஃபிளாப்பிகளில் இருந்தன. எல்லாம் 3.5 அங்குல, 1.44 எம்பி தட்டுகள். ஒரு தட்டுக்கு 600 ரூபாய் என்றார்கள், கொடுத்தேன். திரும்பி வந்தபோது சொன்ன பதில்: "சார், பாதி காலி தட்டு, ஒண்ணுல ஏதோ இருக்கு, ஆனா ஃபைல் கரப்ட்." பணத்தை மட்டும் முழுசாக வாங்கிக்கொண்டார்கள்.

எனக்குச் சந்தேகம் வந்தது தட்டின் மூலையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் தாழைப் பார்த்துத்தான். அதைத் தள்ளி ஓட்டை தெரிகிற மாதிரி வைத்தால் தட்டில் எதையும் எழுத முடியாது, டிரைவே மறுத்துவிடும். எல்லாத் தட்டிலும் ஓட்டையைத் திறந்து வைத்துத்தான் கொடுத்திருந்தேன். 'காலி' என்று சொன்ன தட்டுகளில் மட்டும் ஓட்டை மூடியிருந்தது.

அவர்களிடம் இருந்தது ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் ஒன்றுதான். தட்டின் முதல் செக்டாரை அதனால் படிக்க முடியாவிட்டால், காரணம் வெறும் தூசியாகவே இருந்தாலும், விண்டோஸ் உடனே "You need to format the disk in drive A: before you can use it" என்று கேட்கும். தாழைத் தள்ளிவிட்டு, அதற்குச் சரி என்று அழுத்தியிருக்கிறார்கள். மீட்கக் கொடுத்த தட்டில்!

நல்ல வேளை, செய்தது க்விக் ஃபார்மட். இந்த வகைத் தட்டில் மொத்தம் 2,880 செக்டார்கள். முதல் 33-இல் பூட் செக்டார், எந்த ஃபைல் எங்கே என்ற கணக்கு, ஃபைல் பெயர்ப் பட்டியல் இவை மட்டும்தான். க்விக் ஃபார்மட் அழிப்பது அந்தப் பகுதியை. அதற்குப் பின்னால் இருக்கும் எழுத்தை அது தொடுவதில்லை. முழு ஃபார்மட் கொடுத்திருந்தால் ஒவ்வொரு டிராக்கையும் புதிதாக எழுதியிருக்கும், எல்லாம் போயிருக்கும்.

நண்பர் ஒருவரிடம் கிரீஸ்வீசல் என்ற சின்ன போர்டு இருக்கிறது. ஒரு பக்கம் யுஎஸ்பி, இன்னொரு பக்கம் பழைய கம்ப்யூட்டரில் இருந்து கழற்றிய சாதாரண ஃபிளாப்பி டிரைவ். இது தட்டில் உள்ள காந்த மாற்றங்களையே நேரடியாகப் படிப்பதால், தவறும் டிராக்கை மட்டும் திரும்பத் திரும்ப முயலும். டிரைவின் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு இப்படிப் படித்தோம்:

```
gw read --format=ibm.1440 disk1.img
strings -t d disk1.img | grep 'jkpo;'
```

இரண்டாவது வரியில்தான் 'கரப்ட்' கதையும் வெளுத்தது. அப்பா எழுதியது பாமினி எழுத்துருவில். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் 'தமிழ்' என்பது `jkpo;` என்றுதான் தெரியும். கடைக்காரர் அதைப் பார்த்து ஃபைல் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டியிருக்கிறார். 'காலி' தட்டுகளிலும் அதே தேடலுக்கு வரிசையாக விடை வந்தது, எல்லாம் 16,896-ஆம் பைட்டுக்கு அப்பால், அதாவது அந்த 33 செக்டாருக்குப் பின்னால். ஃபைல் பெயர்கள் போய்விட்டன, ஆனால் கட்டுரைகள் பெரும்பாலும் துண்டாகாமல் தொடர்ச்சியாகவே இருந்ததால் வெட்டி எடுத்து யூனிகோடுக்கு மாற்ற முடிந்தது.

ஒரு தட்டு மட்டும் கிடைக்கவில்லை. அதில் லேசாகப் பூஞ்சை இருந்தது, கொடுக்கும்போதே சொல்லியிருந்தேன். துடைக்காமல் அப்படியே டிரைவில் ஓட்டியிருக்கிறார்கள். உலோக மூடியை நகர்த்தி நடுச்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தால் பழுப்புப் பரப்பில் வட்டமாகக் கீறல், சில இடங்களில் பூச்சே உரிந்து பின்னால் வெளிச்சம் தெரிகிறது. அங்கே இனி எந்தக் கருவிக்கும் படிக்க ஒன்றுமில்லை. ஏரி மராமத்து பற்றிய கட்டுரை அதில்தான் இருந்தது, நினைத்தாலே வயிறு எரிகிறது. கடையில் போய்க் கேட்டதற்கு, தட்டு பழசு சார் என்று சொல்லிவிட்டுப் பணத்தைத் தர மறுத்துவிட்டார்கள்.

கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால், தாழைத் திறந்து வைத்து ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பூஞ்சை இருந்தால் எதால் துடைப்பீர்கள் என்று கேளுங்கள். அப்புறம், ஃபைல்களைத் தனித்தனியாகக் காப்பி செய்யாமல் முழுத் தட்டையும் ஒரே இமேஜ் ஃபைலாகத் தரச் சொல்லுங்கள், 1.44 எம்பி தட்டென்றால் அது சரியாக 14,74,560 பைட் இருக்கும். இமேஜ் என்றால் என்ன என்று அவர்களே கேட்டால் தட்டுகளை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.