ஒரு வண்டித்தடம், மூன்று மேசைகள்: பேச்சுவார்த்தையா, இணக்கத் தீர்வா, சமரசமா?

ஏற்காட்டு மலையில் அடுத்தடுத்து இரண்டு காப்பித் தோட்டங்கள். மேல்தோட்டத்துக்காரர் தார்ச்சாலைக்கு வர வேண்டுமானால் கீழ்தோட்டத்துக்குள் ஓடும் வண்டித்தடத்தில்தான் வர வேண்டும். பல ஆண்டுகளாக ஜீப் போய்வந்த தடம். ஒரு மழைக்காலத்தில் லாரி மோதிக் கல்கட்டு சரிகிறது. மறுவாரம் கீழ்தோட்டத்துக்காரர் குறுக்கே சங்கிலி போடுகிறார். அறுவடை நெருங்குகிறது. பறித்த பழத்தை அன்றே தோல் உரிக்காவிட்டால் புளித்து விலை விழும். இது நான் எடுத்துக்கொண்ட மாதிரி வழக்கு. ஆனால் சேலத்தில் வழக்கறிஞராக இருக்கும் எவருக்கும் இந்தச் சங்கிலி பழக்கமானதுதான். நீதிமன்றத்தில் முழு விசாரணைக்குப் போகாமல் இதைத் தீர்க்க மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் நம் ஊரில் "சமாதானமாகப் பேசி முடித்தார்கள்" என்ற ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறோம். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

முதலாவது பேச்சுவார்த்தை. இரு தரப்பும் நேராகவோ, ஆளுக்கொரு வழக்கறிஞரை வைத்தோ பேசிக்கொள்வது. நடுவில் பொது ஆள் கிடையாது. செலவு குறைவு, ஒரே மாலையில்கூட முடிந்துவிடும். ஆனால் இதில் சொன்ன சொல்லுக்குத் தானாக வந்து சேரும் பாதுகாப்பு எதுவும் இல்லை. மேல்தோட்டத்துக்காரர் கோபத்தைத் தணிக்க நினைத்து, "அண்ணா, இந்த அறுவடைக்கு மட்டும் உங்கள் தயவில் போக அனுமதி கொடுங்கள்" என்று கைபேசியில் செய்தி அனுப்புகிறார் என்று வையுங்கள். பணிவான சொல்தான். ஆனால் 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, 20 ஆண்டுகள் தடையின்றி, உரிமையாகவே பயன்படுத்தினால்தான் நீடித்த பயன்பாட்டால் வழியுரிமை பிறக்கும். தயவில் போனவருக்கு அந்த உரிமை கிடையாது. வழக்கு வந்தால் எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது இந்தச் செய்தியைத்தான். சமாதானப் பேச்சில் சொல்வது வழக்கில் சாட்சியமாகக் கூடாது என்ற நிபந்தனையை முதலிலேயே எழுதிக்கொண்டு பேசியிருந்தால் இந்த ஆபத்தைத் தவிர்த்திருக்கலாம். அண்டை வீட்டாரிடம் அப்படி எழுதிக் கேட்க யாருக்கு மனம் வருகிறது?

இரண்டாவது இணக்கத் தீர்வு. இதில் இணக்குநர் என்ற பொது ஆள் ஒருவர் நடுவில் உட்காருவார். 1996ஆம் ஆண்டின் நடுவர் மற்றும் இணக்கத் தீர்வுச் சட்டத்தின் மூன்றாம் பாகம் இதற்கென வகுத்த முறையை வைத்துச் சொல்கிறேன். ஒரு தரப்பு எழுத்தில் அழைக்க வேண்டும், மறு தரப்பு எழுத்தில் ஏற்க வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றால் மறுத்ததாகக் கொள்ளலாம். வழக்கு நிலுவையில் இருந்தாலும் இரு தரப்பும் சம்மதிக்காமல் நீதிமன்றம் இதற்கு அனுப்ப முடியாது. உச்ச நீதிமன்றம் 2010இல் ஆஃப்கான்ஸ் வழக்கில் இதைத் தெளிவாக்கியது. இணக்குநரின் தனித்தன்மை, எந்தக் கட்டத்திலும் தீர்வை அவரே முன்மொழியலாம் என்பது. நம் வழக்கில் ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவரை இணக்குநராக வைத்தால், அவர் தோட்டத்தைச் சுற்றி வந்து, "நடுவில் ஓடும் தடத்தை விடுங்கள். கிழக்கு எல்லையை ஒட்டிப் 12 அடி அகலத்தில் புதுத்தடம் போடுங்கள். கல்கட்டுச் செலவில் பாதியை மேல்தோட்டம் ஏற்கட்டும்" என்று எழுதியே கொடுக்கலாம். ஏற்பதும் மறுப்பதும் தரப்புகளின் விருப்பம். தடம் எங்கே, எத்தனை அடி, தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்பதுதான் சண்டையின் உயிர் என்றால் நான் இதைத்தான் பரிந்துரைப்பேன்.

ஆனால் பெரும்பாலும் சண்டையின் உயிர் அளவுநாடாவில் சிக்குவதில்லை. அதனால்தான் மூன்றாவதான சமரசத்தின் மீது எனக்கு நம்பிக்கை அதிகம். வழக்கு தாக்கலான பின் நீதிபதி இதற்கு அனுப்ப இரு தரப்பின் சம்மதமும் தேவையில்லை. சமரச மையத்தில் முதலில் கூட்டு அமர்வு நடக்கும். பிறகு ஒவ்வொரு தரப்புடனும் தனி அமர்வு. கூட்டு அமர்வில் கீழ்தோட்டத்துக்காரர் திரும்பத் திரும்பக் கல்கட்டைப் பற்றியே பேசுவார். தனி அமர்வில் சமரசர் "தடத்தைத் திறந்துவிட்டால் உங்களுக்கு என்ன பயம்?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருப்பார். சற்று நேரம் கழித்துத்தான் வரும்: "இன்று ஜீப். நாளை அவர் தோட்டத்தை விடுதிக்காரருக்கு விற்றுவிட்டால் ராப்பகலாகக் கார்கள் வரும். என் மகள் அங்கேதான் குடியிருக்கிறாள்." இதை எந்த மனுவிலும் பார்க்க முடியாது. அவர் அனுமதித்தால் மட்டுமே சமரசர் இதை அடுத்த அறைக்குக் கொண்டுபோவார். அங்கே விற்கும் எண்ணமே இல்லாத ஒருவர், "விவசாய வண்டிகளுக்கு மட்டும், இரவு எட்டு மணிக்கு மேல் இல்லை" என்று எழுதித் தரத் தயங்கமாட்டார். சமரசர் தீர்வைத் திணிப்பதில்லை. கேள்வியால் அதை வெளியே எடுக்கிறார். இங்கே பேசியதை நீதிமன்றத்தில் சாட்சியமாக்கவும் முடியாது. அந்தத் "தயவு" என்ற சொல்லை இங்கே சொல்லியிருந்தால் அது அறைக்குள்ளேயே நின்றிருக்கும்.

2023ஆம் ஆண்டு சமரசச் சட்டம் சமரசம் என்ற சொல்லின் வரையறைக்குள்ளேயே இணக்கத் தீர்வையும் சேர்த்திருக்கிறது. பெயர் ஒன்றானாலும் உட்காரும் ஆளின் பாணி ஒன்றாகிவிடாது. ஆகவே முதல் அமர்விலேயே, "நீங்கள் தீர்வைச் சொல்வீர்களா, எங்களைச் சொல்ல வைப்பீர்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

இனி கையெழுத்தான தாளுக்கு வருவோம். ஒருவர் பின்வாங்கும் நாளில்தான் மூன்றுக்கும் உள்ள வேறுபாடு கண்ணில் படும். பேச்சுவார்த்தையில் எழுதியது சாதாரண ஒப்பந்தம். மீறினால் புதிதாக வழக்குப் போட வேண்டும். இணக்குநர் முன் கையெழுத்திட்ட தாளுக்கு 1996ஆம் ஆண்டு சட்டம் நடுவர் தீர்ப்பின் மதிப்பைத் தருகிறது. நீதிமன்றம் அனுப்பிய சமரசத்தில் உருவான உடன்பாடு நீதிமன்றத்துக்குத் திரும்பிச் சென்று தீர்ப்பாணையாகிறது. பின்னிரண்டிலும் நேராக நிறைவேற்று மனு போடலாம். கட்டிய நீதிமன்றக் கட்டணத்தைப் பொறுத்தவரை மட்டும் பேச்சுவார்த்தைக்கும் குறைவில்லை. தமிழ்நாட்டில் வழக்கு நிலுவையில் இருக்கும்போது தரப்புகள் தாங்களாகவே வெளியில் பேசி முடித்தாலும் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

நிலத்துக்கு இன்னொரு கண்ணி உண்டு. நிரந்தர வழியுரிமையை 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கி, பெட்டியில் பூட்டி வைக்கிறார்கள். பதிவு செய்யாத அந்தத் தாளை நம்பி, நாளை கீழ்தோட்டத்தை வாங்குபவரிடம் உரிமை கேட்க முடியாது. இணக்கத் தீர்வும் புதிதாக வழியுரிமை தருவதாக இருந்தால் பதிவு வேண்டும். சமரசத்தின் வழியே வந்த தீர்ப்பாணைக்குப் பதிவிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் வழக்கில் அடங்கிய சொத்துக்கு மட்டும்தான். நம் வழக்கில் பழைய தடம் இருக்கும் சர்வே எண்ணைத்தான் வழக்கில் காட்டியிருக்கிறார்கள். சமரசத்தில் கிழக்கு எல்லைத் தடத்துக்கு ஒத்துக்கொண்டார்கள் என்று வையுங்கள். அதுவோ பக்கத்துச் சர்வே எண்ணில் விழுகிறது. அந்தத் துண்டுக்கு விலக்கு இல்லை. எனவே கையெழுத்துக்கு முன்பே நில அளவையாளரைக் கூட்டிப்போய்ப் புதுத்தடத்துக்குக் கல் ஊன்றி, சர்வே எண்களோடு வரைபடம் தயாரித்து உடன்பாட்டில் இணையுங்கள். தீர்ப்பாணை வந்ததும் அந்த வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள். சங்கிலியை அவிழ்க்கும் தேதியையும் உடன்பாட்டிலேயே எழுதிவிடுங்கள். அது அறுவடை தொடங்குவதற்கு முந்தைய தேதியாக இருக்கட்டும்.