டாலரை வைத்திருப்பதா, உடனே ரூபாயாக்குவதா: ஏற்றுமதியாளருக்கான மூன்று வழிகள்

சேலம் அம்மாபேட்டையில் தறி வைத்துப் படுக்கை விரிப்பும் துண்டும் நெய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். வாங்குபவர் டாலரில் பணம் அனுப்புகிறார். நிறுவனமோ சாயப் பொருளுக்கு டாலர் கொடுக்க வேண்டும். ஜனவரியில் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடக்கும் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சிக்குப் போனால் யூரோவும் தேவைப்படும். வந்த டாலரை வந்த அன்றே ரூபாயாக்கிவிடலாம், ஈஈஎஃப்சி என்னும் வெளிநாட்டு நாணயக் கணக்கில் டாலராகவே வைக்கலாம், பயணச் செலவுக்கென்று பல நாணயங்களை ஏற்றும் ஃபாரெக்ஸ் கார்டு வாங்கலாம். இந்த மூன்றையும் பிரித்துக் காட்டுவது ஒரே கேள்விதான்: நாணயம் மாறும் நேரத்தை யார் தீர்மானிக்கிறார்கள்?

ஃபாரெக்ஸ் கார்டைப் போலப் பல நாணயங்களை ஒரே செயலியில் வைக்கும் வேலட், உள்ளுக்குள் ஒரே பெட்டியன்று. டாலருக்கு ஒரு கணக்கு, யூரோவுக்கு ஒரு கணக்கு என்று ஒவ்வொரு நாணயத்துக்கும் தனித்தனி இருப்பு எழுதப்படுகிறது. பொதுவாக, மாற்றச் சொல்லி நாம் உத்தரவு கொடுக்கும்போதுதான் ஒன்றில் கழித்து மற்றொன்றில் வரவு வைக்கிறார்கள். செயலியின் முகப்பில் எல்லாவற்றையும் கூட்டி ரூபாயில் காட்டும் தொகை வெறும் மதிப்பீடு. அந்த விகிதத்தில் நமக்குப் பணம் கிடைக்கும் என்று அதற்குப் பொருளில்லை. ஈஈஎஃப்சியும் இப்படித்தான்: டாலர் கணக்கு வைத்திருப்பவர் யூரோவை யூரோவாகவே வைக்க விரும்பினால், அதற்கென்று தனிக் கணக்கு திறக்க வேண்டும்.

முதல் இரண்டு வழிகளையும் கணக்குப் போட்டே பார்க்கலாம். மார்ச் 5ஆம் தேதி 12,000 டாலர் வருகிறது. ஏப்ரல் 10ஆம் தேதி சாயப் பொருளுக்கு 3,000 டாலர் அனுப்ப வேண்டும். எளிமைக்காக, வங்கி டாலரை 90 ரூபாய்க்கு வாங்கி 91 ரூபாய்க்கு விற்கிறது என்றும், இடைப்பட்ட நாட்களில் விலை நகரவில்லை என்றும் கொள்வோம். எல்லாவற்றையும் உடனே மாற்றினால், ஏப்ரலில் அதே 3,000 டாலரைத் திரும்ப வாங்கும்போது டாலருக்கு ஒரு ரூபாய் வீதம் ₹3,000 போய்விடும். நாணய மாற்றத்துக்கு ஜிஎஸ்டியும் உண்டு. மாற்றும் தொகையின் படிநிலைப்படி ஒரு சேவை மதிப்பைக் கணக்கிட்டு, அதன்மேல் 18 சதவீதம் போடுகிறார்கள். ₹2,73,000க்கு டாலர் வாங்கினால் இந்த வரி ஏறத்தாழ ₹336 வரும். முதலில் 9,000 டாலரை மட்டும் மாற்றியிருந்தால் அப்போதைய வரியிலும் ஏறத்தாழ ₹185 குறைந்திருக்கும். ஆக, 3,000 டாலரை ஈஈஎஃப்சியில் விட்டுவைத்து அதிலிருந்தே கொடுத்தால் ₹3,500க்குச் சற்று மேல் மிச்சம்.

பலரும் கணக்கை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஈஈஎஃப்சி நடப்புக் கணக்கு வகையைச் சேர்ந்தது, அதற்கு வட்டி கிடையாது. அந்த நிறுவனம் 10 சதவீத வட்டிக்கு ஓவர்டிராஃப்டில் ஓடிக்கொண்டிருந்தால், 2,70,000 ரூபாய் 36 நாள் சும்மா கிடப்பதற்கு ₹2,660 அளவுக்கு வட்டி கொடுக்கிறது. அப்படியானால் உண்மையான மிச்சம் ₹900க்கும் குறைவு. பேரம் பேசி வங்கியின் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியை 20 காசாகக் குறைத்துவிட்டவருக்கு, டாலரை வைத்திருப்பது நட்டமாகவே முடியும். எனவே முதலில் கேட்க வேண்டியது இன்றைய டாலர் விலையையன்று, அந்த இடைவெளியை. ஐந்து ரோடு பக்கத்து வங்கிக் கிளையில் ஒரே நேரத்தில் இரண்டு விலைகளையும் எழுத்தில் கேட்டு வாங்கினால் அது தெரிந்துவிடும்.

ஈஈஎஃப்சியில் ‘நாம் சொன்னால்தான் மாறும்’ என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு மாதத்தில் வரவான தொகையில், அனுமதிக்கப்பட்ட செலவுகளும் முன்பே ஒப்புக்கொண்ட கொடுப்பனவுகளும் போக எஞ்சியதை அடுத்த மாதத்தின் கடைசி நாளுக்குள் ரூபாயாக மாற்றிவிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மார்ச் 31 அன்று வரவான டாலருக்கு ஏப்ரல் 30 வரைதான் காலம். ஏப்ரல் 1 அன்று வரவானால் மே 31 வரை கிடைக்கும். ஒரே ஒரு நாள் தள்ளி வந்த பணத்துக்கு ஒரு மாத அவகாசம் கூடுகிறது. மே மாதம் கொடுக்க வேண்டிய பில் கையில் இருந்தால், கெடு வருவதற்கு முன்பே அதன் நகலோடு வங்கிக்குக் கடிதம் கொடுத்துவிடுவது நல்லது. ஒருமுறை ரூபாயாக எடுத்ததை மறுபடி டாலராக்கி இந்தக் கணக்கில் போட முடியாது. சிங்கப்பூரில் இருக்கும் உறவினர் தம் வேலட்டில் டாலரை விருப்பம்போல் வைத்திருப்பதைப் பார்த்து இங்கேயும் அப்படியே செய்யலாம் என்று எண்ணுபவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

ஃபாரெக்ஸ் கார்டு வேறு வகை. அதில் ரூபாயைக் கொடுத்து யூரோவை ஏற்றிய அன்றே விகிதம் முடிவாகிவிடுகிறது. பிறகு ஃபிராங்க்ஃபர்ட்டில் யூரோவில் செலவழிக்கும்போது எந்த மாற்றமும் நிகழ்வதில்லை. சாதாரண டெபிட் கார்டில் ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் அன்றைய விகிதமும், பெரும்பாலும் மாற்றுக் கட்டணமும் சேர்ந்து விழும். அந்த வகையில் கார்டே மேல். ஆனால் அதில் நம் கையை மீறி மாற்றம் நிகழும் இடங்கள் இரண்டு உள்ளன.

விடுதியில் 240 யூரோ பில் வருகிறது, யூரோ இருப்பில் 200 மட்டுமே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சில கார்டுகள் பரிவர்த்தனையை மறுத்துவிடும். வேறு சில, நம்மிடம் கேட்காமலே டாலர் இருப்பிலிருந்து எடுத்து, நாணயம் மாறியதற்குத் தனிக் கட்டணமும் பிடிக்கும். மறுக்கும் கார்டு அந்த நேரத்துக்குச் சங்கடம்தான் என்றாலும், எதற்கு எவ்வளவு போனது என்பது நமக்குத் தெரிகிறது என்பதால் நான் அதையே தேர்வேன். வாங்கும்போதே இந்த ஒன்றைக் கேட்டுவிட வேண்டும். பயணம் முடிந்தபின் அறிக்கையில் ஒரே செலவின் கீழ் இரண்டு நாணயங்களும் ஒரு கட்டண வரியும் இருந்தால், கார்டு தானாக மாற்றியிருக்கிறது என்று பொருள்.

மற்றொன்று கடையில் உள்ள இயந்திரத்தில். திரையில் யூரோ தொகையும் ரூபாய்த் தொகையும் பக்கத்தில் பக்கத்தில் தோன்றி, எதில் கட்டுகிறீர்கள் என்று கேட்கும். நம் ஊர் நாணயம் என்று ரூபாயைத் தொட்டால், கடைக்காரர் தரப்பு தன் விகிதத்தில் யூரோவை ரூபாயாக்கும். கார்டில் ரூபாய் இருப்பு இல்லாததால், அந்த ரூபாய்க்காக நம் வெளிநாட்டு நாணயம் இரண்டாம் முறையாக மாற்றப்படும். யூரோ இருப்பு நிறைய இருந்தும் இரண்டு மாற்றங்களுக்குப் பணம் கொடுத்தவர்களாவோம். அங்கே எப்போதும் யூரோவையே தொட வேண்டும்.

திரும்பி வந்தபின் மீந்த யூரோவை வங்கி தன் வாங்கும் விலைக்கே எடுத்துக்கொள்ளும். ஆகவே கார்டில் தாராளமாக ஏற்றிக்கொண்டு போவதைவிட, விடுதிக்கும் உணவுக்கும் போக்குவரத்துக்கும் போதுமானதை ஏற்றிவிட்டு, குறைந்தால் செயலி வழியாக மறுபடி ஏற்றுவது சிக்கனம். சாயப் பொருள் பில்லுக்கு இந்தக் கார்டு உதவாது. அதற்கு ஏற்றது ஈஈஎஃப்சிதான். அதிலும், அடுத்த மாத இறுதிக்குள் கொடுத்தாக வேண்டிய தொகையை மட்டும் டாலராக நிறுத்திவிட்டு, மீதியை வந்த வாரமே ரூபாயாக்கி ஓவர்டிராஃப்டில் கட்டுவதே அம்மாபேட்டை நிறுவனத்துக்குப் பொருந்தும்.