கோவை வரை எகானமி, மும்பைக்கு மேல் பிசினஸ்: பெட்டிக்கு எந்த விதி?

ஆறு வருடமாக வேலைக்காக கோவையிலிருந்து மும்பை வழியாக பிராங்க்பர்ட் போய் வருகிறேன். கோவை–மும்பை இரண்டு மணி நேரம்தான், அதற்கு எகானமி போதும். மும்பையிலிருந்து போகும் நீண்ட பயணத்துக்கு மட்டும் பிசினஸ். படுத்துத் தூங்குவதற்குத்தான் அந்தப் பணம், அதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. தலைவலி வந்ததெல்லாம் பெட்டி விஷயத்தில்தான்.

முதல் பயணத்தில் 29 கிலோவும் 27 கிலோவுமாக இரண்டு பெட்டிகள். கோவை கவுன்டரில் இருந்தவர், "எகானமிக்கு 15 கிலோதான் சார், மீதி 41 கிலோவுக்குக் கட்டணும்" என்றார். அது உள்நாட்டு டிக்கெட் தனியாக எடுத்தவர்களுக்கான கணக்கு. என்னுடையது பிராங்க்பர்ட் வரை ஒரே டிக்கெட். அப்படி இருந்தால், பெட்டியை ஒப்படைக்கும் ஊரிலிருந்து திரும்ப வாங்கும் ஊர் வரை பொதுவாக ஒரே விதிதான், அதுவும் கண்டம் தாண்டும் விமானத்தின் விதி. டிக்கெட்டில் ஒவ்வொரு பயணத்துக்கும் எதிரே பெட்டி அளவு இருக்கும். எனக்கு இரண்டு வரியிலும் 2PC, அதாவது இரண்டு பெட்டி. பிசினஸில் ஒவ்வொன்றும் 32 கிலோ வரை. அந்த வரியைக் காட்டியதும் மேற்பார்வையாளர் வந்து பார்த்து, கட்டணமில்லாமல் பிராங்க்பர்ட் வரைக்கும் டேக் போட்டுக் கொடுத்தார்.

அதனால் இப்போது பணம் கட்டும் முன்பே அந்த வரியைப் பார்த்துவிடுவேன். சிறிய பயணத்துக்கு எதிரே 1PC என்றோ 15K என்றோ இருந்தால் அப்போதே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். விமான நிலையத்தில் போய் வாதாடினால் டிக்கெட்டில் உள்ளதுதான் செல்லும்.

திரும்பி வரும்போது இன்னும் கவனம் வேண்டும். மும்பையில் பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, கோவை விமானத்துக்கு மறுபடி ஒப்படைத்தேன். அங்கேயும் அதே 15 கிலோ பேச்சு வந்தது. பிராங்க்பர்ட்டில் கொடுத்த டேக் ரசீதில் CJB என்று கோவை வரை போட்டிருந்ததால் உடனே ஒத்துக்கொண்டார்கள். அந்தச் சின்ன ஸ்டிக்கரை வீடு போய்ச் சேரும்வரை தூக்கிப் போடாதீர்கள்.

ஒரே ஒரு முறை பணம் கட்டினேன். மும்பையில் அக்கா வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு கோவை வந்த பயணம் அது. 24 மணி நேரத்துக்கு மேல் தங்கி பெட்டியையும் வெளியே எடுத்துவிட்டால், மீதிப் பயணம் தனிக் கணக்காகிவிடலாம். எனக்கு அப்படித்தான் ஆனது. டிக்கெட்டில் அந்த வரியில் 15K என்றே இருந்தது, பார்க்காமல் விட்டது என் தவறு.

அப்புறம், கைப்பெட்டி. பிசினஸில் இரண்டு கைப்பை அனுமதி இருந்தாலும், சிறிய விமானத்தில் அந்த விமானத்தின் விதிதான். எனக்கு அங்கே ஒரு பை, 7 கிலோ. மேலே இடமில்லாமல் ஒருமுறை வாசலிலேயே பையை வாங்கி சரக்கறைக்கு அனுப்பினார்கள். பவர் பேங்க் அடியில் கிடந்தது, வரிசையை நிறுத்தி வைத்துத் தேடி எடுத்தேன். பவர் பேங்க் மாதிரி தனியாக இருக்கும் லித்தியம் பேட்டரி சரக்கறைக்குப் போகக்கூடாது. இப்போதெல்லாம் பவர் பேங்க், மருந்து, லேப்டாப் மூன்றையும் தனியாக உருவக்கூடிய ஒரு சிறிய உறையில் போட்டு மேலாக வைத்துவிடுகிறேன்.